குரல் கோப்பேறும்போது

தொலைபேசியில் பேசி முடித்ததையோ வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியையோ எழுத்தில் இறக்கி, தேதியும் கையெழுத்தும் இட்டுக் கோப்பில் சேர்க்கும் தாளை உரையாடல் குறிப்பு என்பார்கள். இது பேச்சின் எழுத்துப்படி அன்று. எழுத்துப்படியில் இருமலும் தயக்கமும் உட்பட எல்லாம் இருக்கும். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் அன்று. அதில் எடுத்த முடிவுகள் மட்டும் இருக்கும். உரையாடல் குறிப்பு இரண்டுக்கும் இடையில் நிற்பது. யார், யாரிடம், எப்போது, என்ன சொன்னார், எந்த அளவு உறுதியோடு சொன்னார் என்பதை அந்தப் பேச்சைக் கேட்டேயிராத ஒருவர் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அரசு அலுவலகங்களில் இதன் தேவை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மேலதிகாரியின் கட்டளை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாக வந்தால் பின்னர் எழுத்தில் உறுதி பெற வேண்டும் என்று அகில இந்தியப் பணிகளின் நடத்தை விதிகள் சொல்கின்றன. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் வேறு சில ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தொடுத்த வழக்கில், 31.10.2013 அன்று உச்ச நீதிமன்றம் அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் மட்டும் செயல்படக்கூடாது, அத்தகைய உத்தரவுகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனங்களுக்கு இப்படி ஒரு பொது விதி இல்லை. ஆனால் வேலையில் பெரும்பகுதி இப்போது குரலில்தான் நடக்கிறது. விலை, தேதி, குறைபாடு, சமாதானம் எல்லாம் ஒரு நிமிடக் குரல் செய்தியில் வந்து போய்விடுகின்றன. தகராறு வரும் நாளில் கையில் இருப்பது ஒரு பழைய கைபேசி மட்டும்.

பேச்சைக் குறிப்பாக்குவதில் உள்ள உண்மையான சிக்கலை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்பது நல்லது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் 1,200 கிலோ துணியை நேவி புளூ நிறத்தில் சாயமேற்ற ஒரு சாயப்பட்டறைக்கு அனுப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோ வீதம் இரண்டு லாட், ஒவ்வொன்றிலும் 25 ரோல். முதல் லாட் வந்துவிட்டது. 18.06.2025 புதன்கிழமை காலை 10.42க்குப் பட்டறை மேலாளரிடமிருந்து மெர்ச்சண்டைசரின் கைபேசிக்கு 48 நொடிக் குரல் செய்தி ஒன்று வருகிறது. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம். மேலாளர் சொல்வது இது:

"சார், வணக்கம்ங்க. அந்த நேவி புளூ ரெண்டாவது லாட்டுல ஒரு பதினெட்டு ரோலு ஷேடு லைட்டா வந்திருக்குதுங்க. கெமிக்கல்ல ஏதோ பிரச்சினைன்னு நெனைக்கிறனுங்க, இல்லீன்னா உங்க துணியில கொஞ்சம் … இருந்திருக்கும், தெரியலீங்க. டாப்பிங் போட்டா சரியாயிரும். செலவைப் பத்தி யோசிக்காதீங்க, நாம பேசிக்கலாம். வெள்ளிக்கிழமை மேக்ஸிமம் குடுத்துரலாம்ங்க. மத்ததெல்லாம் நேத்தே ஏத்தியாச்சு."

டாப்பிங் என்பது நிறம் குறைந்த துணியை மீண்டும் சாயத்தொட்டியில் இட்டு நிறத்தைக் கூட்டுவது. அதற்குச் சாயமும் நேரமும் செலவாகும். அந்தச் செலவு யாருடையது என்பதுதான் நாளை பிரச்சினையாகப் போகிறது.

முதல் வேலை எழுதுவது அன்று, மூலத்தைக் காப்பது. ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப் குரல் செய்திகள் இந்த இடத்தில் கிடக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes
```

உள்ளே வாரவாரியாகக் கோப்புறைகள் இருக்கும். அவற்றில் `PTT-20250618-WA0007.opus` என்பது போன்ற பெயரில் செய்தி இருக்கும். பெயரிலுள்ள எட்டு இலக்கம் தேதி. இதை வாட்ஸ்அப்பிலேயே இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்து, அவர் கணினியில் சேமித்து வைப்பதுதான் பல அலுவலகங்களில் வழக்கம். அது தவறான வழி. ஃபார்வர்ட் ஆன கைபேசியில் கோப்புக்கு வேறு பெயரும் ஃபார்வர்ட் செய்த நாளின் தேதியும் ஏறிக்கொள்ளும். செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்பும் அறுந்துபோகும். கேபிள் வழியாகக் கோப்பை அப்படியே கணினிக்கு நகலெடுப்பது சரியான முறை. செய்தி எந்த எண்ணிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று தெரியும்படி உரையாடல் திரையின் படம் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எம்பி3யாக மாற்றினால் கேட்க வசதிதான், ஆனால் மாற்றியது வேலை நகல் மட்டுமே. மூலத்தைத் தொடக்கூடாது. மறையும் செய்திகள் வசதி போடப்பட்டிருக்கும் உரையாடலில் தாமதம் செய்யவே முடியாது. ஒரு முறை மட்டும் கேட்கும்படி அனுப்பப்பட்ட குரல் செய்தியைச் சேமிக்கவும் முடியாது. அங்கே கேட்டவுடன் நினைவிலிருந்து எழுதுவது ஒன்றே வழி, 'நினைவிலிருந்து எழுதியது' என்று குறிப்பிலும் சொல்லிவிட வேண்டும்.

நகலெடுத்த கையோடு அதன் ஹாஷ் எண்ணை எடுத்துவைப்பது ஒரு நிமிட வேலை. விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து இப்படிக் கொடுத்தால் போதும்:

```
certutil -hashfile PTT-20250618-WA0007.opus SHA256
```

எண்ணும் எழுத்தும் கலந்த 64 குறியீடுகள் வரும். கோப்பில் ஒரே ஒரு துணுக்கு மாறினாலும் இந்த வரிசை முற்றிலும் வேறாகிவிடும். இரண்டு ஆண்டு கழித்து இதே கட்டளையைக் கொடுத்து அதே வரிசை வந்தால், ஹாஷ் எடுத்த நாளுக்குப் பிறகு யாரும் அந்தக் கோப்பில் கைவைக்கவில்லை என்று காட்டலாம். அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதனால்தான் செய்தி வந்த அன்றே எடுக்க வேண்டும்.

அடுத்து, கேட்டு எழுதுவது. முதல் தடவை எழுதாமல் முழுவதும் கேட்க வேண்டும். இரண்டாம் தடவை வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, பேசியபடியே, பேச்சுத்தமிழிலேயே, நொடிக் குறியோடு எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில் எழுத்துத்தமிழுக்கு மாற்றக்கூடாது. மாற்றத் தொடங்கினால் எழுதுபவரின் புரிதல் அவருக்கே தெரியாமல் உள்ளே நுழைந்துவிடும். மூன்றாம் தடவை எண்களுக்காக மட்டும் கேட்பது. இரைச்சலில் எண்பதும் ஐம்பதும் ஒன்றுபோல ஒலிக்கும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அதைவிட மோசம். "ரெண்டரைக்கு முடிச்சுக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அது இரண்டரை ஆயிரமா இரண்டரை லட்சமா என்பது பேசுகிறவர்களுக்குத்தான் தெரியும். குறிப்பில் 2,50,000 என்று எழுதினால் அது அவர் சொன்னதாகாது.

எடுத்துக்காட்டில் 19ஆம் நொடியில் ஒரு சொல் இயந்திரச் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கிறது. மெர்ச்சண்டைசர் காதில் அது 'ஆயில்' என்று விழுகிறது. கணக்காளர் 'ஈரம்' என்கிறார். நெய்து வந்த துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் பழி நிட்டிங் யூனிட்டைச் சேரும். ஈரம் என்றால் துணியை வைத்திருந்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இந்த ஒரு சொல்லுக்குப் பணமதிப்பு உண்டு. இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் கேட்கிற சொல்லை ஓட்டுப்போட்டு முடிவு செய்ய முடியாது. '[0:19 – ஒரு சொல் தெளிவில்லை]' என்று எழுதிவிட்டு, மேலாளரிடமே கேட்பதுதான் முறை.

இதுவரை உள்ளது பொறுமை இருந்தால் யாரும் செய்யக்கூடியது. பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக்கும் இடத்தில்தான் குறிப்பு கெட்டுப்போகிறது. அலுவலகத் தமிழுக்கு ஒரு விறைப்பு உண்டு. 'ஒப்புக்கொண்டார்', 'உறுதியளித்தார்', 'ஏற்றுக்கொண்டார்' என்ற வினைகள் அதற்குக் கைவசம் இருப்பவை. பேச்சிலுள்ள நெகிழ்ச்சியை அந்த விறைப்பு தாங்காது. மேலே உள்ள செய்தியை அனுபவமுள்ள ஓர் எழுத்தர் அவசரத்தில் எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"இரண்டாம் லாட்டில் 18 ரோல்களில் நிறக் குறைபாடு ஏற்பட்டுள்ளதாகவும் அதற்கு வேதிப்பொருளே காரணம் எனவும் பட்டறை மேலாளர் ஒப்புக்கொண்டார். டாப்பிங் செலவை ஏற்பதாகவும் 20.06.2025க்குள் துணியை ஒப்படைப்பதாகவும் உறுதியளித்தார். மீதமுள்ள ரோல்கள் 17.06.2025 அன்று அனுப்பப்பட்டுவிட்டன."

நல்ல நடை, படிக்கத் தடையில்லை, கோப்பில் கம்பீரமாக இருக்கும். ஆனால் இதில் ஒரு வாக்கியம்கூட மேலாளர் சொன்னது இல்லை.

"ஒரு பதினெட்டு" என்றார் அவர். தமிழில் எண்ணுக்கு முன்னால் 'ஒரு' வந்தால் அது சுமாராக அத்தனை என்றே பொருள்படும். எண்ணிப் பார்த்துச் சொல்கிறவர் வெறுமனே "பதினெட்டு ரோலு" என்பார். குறிப்பில் 'சுமார்' விழுந்துபோனால் நாளை 20 ரோல் வெளுத்து வரும்போது அவர் பொய் சொன்னதாகத் தோன்றும்.

காரணத்தைப் பற்றி அவர் ஊகம்தான் சொன்னார், அதுவும் இரண்டு ஊகம், கடைசியில் "தெரியலீங்க" என்றும் முடித்தார். அவசரக் குறிப்பு முதல் ஊகத்தை வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்குச் சாதகமில்லாத இரண்டாவதை விட்டுவிட்டது. அதன்மேல் 'ஒப்புக்கொண்டார்' என்ற வினையையும் ஏற்றிவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட பிறகு இணங்குவதுதான் ஒப்புக்கொள்வது. இங்கே யாரும் அவரைக் குற்றம் சாட்டவில்லை, அவராகவே தகவல் சொல்லியிருக்கிறார்.

செலவு விஷயம் இன்னும் நுணுக்கமானது. "நாங்க பாத்துக்கறோம்" என்றிருந்தால் பட்டறை ஏற்கிறது என்று கொள்ளலாம். அவர் சொன்னது "நாம பேசிக்கலாம்." 'நாங்க' கேட்பவரை வெளியே நிறுத்தும், 'நாம' அவரையும் உள்ளே இழுக்கும். இங்கே உள்ளே இழுக்கப்பட்டிருப்பது செலவில் பங்குபோடவாக இருக்கலாம், பேச்சுவார்த்தைக்கு மட்டுமாகவும் இருக்கலாம். "யோசிக்காதீங்க" என்பது ஆறுதல். யார் எவ்வளவு தருவது என்பதைப் பற்றி அந்த 48 நொடியில் ஒரு சொல்லும் இல்லை.

"வெள்ளிக்கிழமை மேக்ஸிமம் குடுத்துரலாம்" என்பதில் இரட்டைக் குழப்பம். மேக்ஸிமம் என்ற சொல்லை 'அதிகபட்சம் வெள்ளிக்குள்' என்ற பொருளிலும் சொல்கிறார்கள், 'பெரும்பாலும் வெள்ளியன்று' என்ற பொருளிலும் சொல்கிறார்கள். முன்னது கெடு, பின்னது எதிர்பார்ப்பு. 'குடுத்துரலாம்' என்பதும் 'குடுத்துருவோம்' அன்று. 'லாம்' வந்தால் அதில் வாய்ப்பும் விருப்பமும் உண்டு, கட்டுப்பாடு இல்லை. தேதியையும் அவர் சொல்லவில்லை. 20.06.2025 என்பது குறிப்பெழுதியவர் காலண்டரைப் பார்த்துப் போட்டது.

கடைசியாக "ஏத்தியாச்சு." யார் ஏற்றியது, எந்த வண்டியில், எத்தனை ரோல்? 'ஆச்சு' என்ற முடிவு வேலை முடிந்ததைச் சொல்லும், செய்த ஆளைச் சொல்லாது. பட்டறை வண்டியில் ஏற்றுவது வேறு, நிறுவனக் கிடங்கில் இறங்குவது வேறு. 'அனுப்பப்பட்டுவிட்டன' என்று எழுதினால் அந்த இடைவெளி மூடிப்போகும்.

ஆகவே குறிப்பு எழுதுபவர் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பேசியவர் சொன்னதைவிட உறுதியாக எழுதக்கூடாது, குறைவான உறுதியோடும் எழுதக்கூடாது. இதற்கு மூன்று கருவிகள் போதும். வினையை 'கூறினார்', 'தெரிவித்தார்' என்ற நடுநிலைச் சொற்களோடு நிறுத்துவது. பணம், தேதி, பொறுப்பு ஆகிய மூன்றையும் தொடும் சொற்றொடர்களை மேற்கோளில் பேச்சுத்தமிழிலேயே வைப்பது. எழுதுபவரின் கணிப்பைத் தனிப் பகுதியாகப் பிரிப்பது. அலுவலகக் கோப்பில் "குடுத்துரலாம்ங்க" என்று எழுதுவது மரியாதைக் குறைவோ என்று தயங்குவோர் உண்டு. கையெழுத்து இடும் அதிகாரிகளே சில நேரம் அதை அடித்துத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தத்தில்தான் பொருள் மாறுகிறது. மேற்கோளுக்குள் இருப்பது பேசியவரின் சொல், அதைத் திருத்தும் உரிமை வேறு யாருக்கும் இல்லை.

அப்படி எழுதினால் அதே செய்தியின் குறிப்பு இவ்வாறு அமையும்:

உரையாடல் குறிப்பு
பொருள்: நேவி புளூ துணி 1,200 கிலோ – இரண்டாம் லாட் – நிற வேறுபாடு.
வகை: வாட்ஸ்அப் குரல் செய்தி (ஒருவழி), 48 நொடி.
அனுப்பியவர்: பட்டறை மேலாளர், அவரது பதிவான எண்ணிலிருந்து. பெற்றவர்: மெர்ச்சண்டைசர்.
வந்த நேரம்: 18.06.2025 புதன், காலை 10.42. குறிப்பு எழுதியது: அன்றே காலை 11.30, பதிவை மூன்று முறை கேட்டு.
மூலம்: PTT-20250618-WA0007.opus. ஹாஷ் எண் இணைப்பில்.

1. இரண்டாம் லாட்டில் "ஒரு பதினெட்டு ரோலு" நிறம் வெளிறி வந்திருப்பதாக மேலாளர் தெரிவித்தார் (0:06).
2. காரணம் வேதிப்பொருளில் உள்ள பிரச்சினை என்று தாம் நினைப்பதாகவும், அல்லது துணியில் [0:19 – ஒரு சொல் தெளிவில்லை] இருந்திருக்கலாம் எனவும், தமக்குத் தெரியவில்லை எனவும் கூறினார்.
3. டாப்பிங் செய்தால் சரியாகிவிடும் என்றார் (0:24). செலவு குறித்து அவர் சொன்னது: "செலவைப் பத்தி யோசிக்காதீங்க, நாம பேசிக்கலாம்" (0:29). தொகையோ பங்கோ குறிப்பிடவில்லை.
4. ஒப்படைப்பு குறித்து: "வெள்ளிக்கிழமை மேக்ஸிமம் குடுத்துரலாம்ங்க" (0:36). தேதி சொல்லவில்லை.
5. மற்றவை "நேத்தே ஏத்தியாச்சு" என்றார் (0:42). எண்ணிக்கையும் வண்டி விவரமும் சொல்லவில்லை.

எழுதியவரின் விளக்கம்: வெள்ளி என்பது 20.06.2025 ஆக இருக்கலாம். 'மற்றவை' என்பது இரண்டாம் லாட்டின் மீதி, சுமார் 7 ரோல் எனக் கருதப்படுகிறது. காலை 11 மணி வரை கிடங்கின் வரவுப் பதிவேட்டில் அவை ஏறவில்லை.
நடவடிக்கை: தெளிவில்லாத சொல், செலவு, தேதி, ரோல் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

கீழே பெயர், பதவி, கையெழுத்து, தேதி. அவசரக் குறிப்பைவிட இது நீளம்தான். ஆனால் இதைப் படிக்கும் உரிமையாளருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. பையருக்குக் கப்பல் தேதியைச் சொல்வதற்கு முன் அவர் பட்டறைக்கு ஒரு போன் போடுவார். அவசரக் குறிப்பைப் படித்திருந்தால் வெள்ளிக்கிழமையை நம்பி நேரே பையரிடமே பேசியிருப்பார்.

இரண்டு பேர் பேசும் தொலைபேசி அழைப்பில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. எழுதுபவரும் பேசியவர்களில் ஒருவர். எதிராளி சொன்னதைத் துல்லியமாக எழுதிவிட்டு, தன் பக்கத்தில் கொடுத்த வாக்கை மறந்துவிடும் குறிப்புகள் ஏராளம். "சரி, பணத்தை இந்த மாசமே ரிலீஸ் பண்ணச் சொல்றேன்" என்று தான் சொல்லியிருந்தால் அதையும் அதே நிறுவையோடு எழுதித்தான் ஆக வேண்டும். அடுத்தது "சரிங்க." தொலைபேசியில் தமிழர்கள் ஒரு நிமிடத்தில் பலமுறை "சரிங்க", "ம்", "ஆமாங்க" என்பார்கள். பெரும்பாலும் அதற்குக் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்' என்பதற்கு மேல் பொருள் இல்லை. ஒரு நீண்ட விளக்கத்தின் நடுவில் விழும் "சரிங்க"வை 'இசைந்தார்' என்று எழுதுவது பிழை. ஒரு நேர்க்கேள்விக்குப் பிறகு, சற்று நிதானித்து வரும் "சரிங்க, அப்படியே பண்ணிக்கலாம்" இசைவுக்கு நெருங்கியது. வேறுபாட்டைக் குறிப்பில் காட்ட எளிய வழி, கேள்வியையும் பதிலையும் சேர்த்து எழுதிவிடுவது. கோபம், கிண்டல் போன்றவற்றையும் அப்படித்தான் கையாள வேண்டும். 'கோபமாகப் பேசினார்' என்பது எழுதுபவரின் தீர்ப்பு. "இனி உங்க வேலையே வேண்டாம்" என்ற சொற்களை அப்படியே எழுதினால் படிப்பவரே புரிந்துகொள்வார். வீட்டில் உடம்பு சரியில்லை, மகளுக்குக் கல்யாணம் என்பது போன்றவை விஷயத்தோடு தொடர்பில்லாதவரை கோப்புக்கு வேண்டாம். மனிதர் நம்பிச் சொன்னது பலர் கைமாறும் தாளில் ஏறக்கூடாது.

எழுதி முடித்த குறிப்பைச் சோதிக்க ஒரு நல்ல முறை இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதிவில் ஒரு நொடிக் குறி இருக்கிறதா என்று பார்ப்பது. குறி இல்லாத வாக்கியம் எழுதியவரின் சொந்தச் சரக்கு, விளக்கப் பகுதிக்குப் போக வேண்டியது. அதோடு, விஷயத்தில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, குறிப்பில் உள்ள வினைகளை மட்டும் ஒத்துப்பார்க்கச் சொல்லலாம். சம்பந்தப்பட்டவருக்குத் தான் விரும்பியதே கேட்கும்.

குறிப்பு ஒருதலையானது. எதிர்த்தரப்பு அதைப் பார்க்கவே இல்லை. ஆகவே அன்றே எதிராளிக்கு எழுத்துச் செய்தி ஒன்று அனுப்புவது குறிப்பின் பாதி வேலை. எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கலாம்: "வணக்கம்ங்க. இன்று காலை 10.42க்கு அனுப்பிய குரல் செய்தி கிடைத்தது. எத்தனை ரோல் வெளிறியிருக்கின்றன, டாப்பிங் செலவு யாருடையது, துணி எந்தத் தேதியில் வரும், நேற்று ஏற்றியது எத்தனை ரோல் என்று தெரிவிக்கவும். துணியில் ஏதோ இருந்திருக்கும் என்று சொன்ன இடம் சரியாகக் கேட்கவில்லை, அதையும் சொல்லவும்." மாலையில் பதில் வருகிறது: வெளிறியது 19 ரோல், முதல் 12 வெள்ளிக்கிழமை 20.06, மீதி திங்கள் 23.06, டாப்பிங் செலவில் பாதி நிறுவனம் தர வேண்டும், துணியில் ஆயில் கறை இருந்தது. காலை அவசரக் குறிப்போடு இதை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் தவறாகியிருக்கும்.

இந்தப் பதில் வந்ததும் காலைக் குறிப்பைத் திறந்து திருத்தும் ஆசை வரும். அது கூடாது. 18 என்பதை அடித்து 19 ஆக்கினால் காலையில் என்ன தெரிந்திருந்தது என்ற வரலாறு அழிந்துவிடும். பதிலைத் தனி இணைப்பாக வைத்து, 'துணைக்குறிப்பு, 18.06.2025 மாலை 6.10' என்று கீழே தொடர வேண்டும். எதிராளி பதிலே சொல்லாவிட்டால் 'பதில் இல்லை' என்று மட்டும் எழுத வேண்டும். பதில் சொல்லாததாலேயே அவர் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது.

நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் குறிப்பின் இடம் எது, பதிவின் இடம் எது என்பதைப் பிரித்தறிவது அவசியம். குறிப்பு பதிவுக்கு மாற்று ஆகாது. ஆனால் சாட்சி சொல்பவர், சம்பவம் நடந்தபோதோ நினைவு பசுமையாக இருக்கும்போதோ தானே எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. 11.30க்கு எழுதிய குறிப்புக்கு அந்த மதிப்பு உண்டு, வழக்கு வந்த பிறகு முன்தேதி போட்டு எழுதியதற்கு இல்லை. குறிப்பு எழுதிய நேரத்தைப் பேச்சு நடந்த நேரத்திலிருந்து பிரித்துக் காட்டுவதன் காரணம் இதுதான். பதிவைப் பொறுத்தவரை, 01.07.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு பொருந்தும். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்வோர் சான்றிதழும் தர வேண்டும், அதன் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கு இடம் இருக்கிறது. பழைய சட்டத்தின் 65பி பிரிவின் கீழ் இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

அழைப்பைப் பதிவு செய்வது பற்றியும் ஒரு சொல். தான் பேசும் அழைப்பைத் தானே பதிவு செய்வதும், பிறர் இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்பதும் ஒன்றல்ல. இரண்டாவது சட்டத்தின் அனுமதியின்றிச் செய்தால் குற்றம். முதலாவதிலும், பதிவு செய்வதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மையான வழி. "குறிப்பெடுக்கறதுக்காக ரெக்கார்டு போட்டிருக்கேங்க" என்றால் பேசுபவரும் எண்களைத் தெளிவாகச் சொல்வார். தேதியைத் தேதியாகவே சொல்வார். சொன்னதைக் குறிப்பின் முதல் வரியில் எழுதிவைக்க வேண்டும்.

பதிவை எத்தனை நாள் வைப்பது என்பதற்கு, ஒப்பந்தத் தகராறுகளுக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டு தருவதை அளவாகக் கொள்ளலாம். கணக்கு தீராமல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதற்கு மேலும் வைக்க வேண்டும். கணினியில் ஒன்றும் வெளி வட்டில் ஒன்றுமாக இரண்டு நகல், குறிப்பின் தாளில் அவை இருக்கும் இடம், கோப்பில் பக்க எண். செய்தி வந்த கைபேசியை அதுவரை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் பொதுவாகச் சிம் கார்டை மட்டும் வாங்கிக்கொள்கிறது. வாட்ஸ்அப் உரையாடல் சிம்மில் இல்லை, கைபேசியில் இருக்கிறது. ஆகவே நிறுவனத் தொடர்புகளுக்கு நிறுவனத்தின் கைபேசியையே கொடுத்து, போகிறவரிடமிருந்து அதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.